கறையும் மடிப்புக் கோடும் போகவேண்டும், சட்டையின் இழை நிற்கவேண்டும்

கேள்வி: அக்கா கல்யாணத்தில் நான் எடுத்த படம். மாமா போட்டிருக்கும் சந்தன நிற லினன் சட்டையில் பாக்கெட்டுக்குக் கீழே சாம்பார் தெறித்த கறை. புதுச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட்டதால் நெஞ்சுக்குக் குறுக்கே மடிப்புக் கோடு வேறு. ஃபோட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ் போட்டால் அந்த இடம் மட்டும் பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று ஆகிவிடுகிறது. முகத்துக்குச் செய்கிற ஃப்ரீக்வென்சி செபரேஷனை வீடியோ பார்த்துச் செய்தேன். அப்படியும் கறையின் தடம் தெரிகிறது, துணியின் நெசவும் மங்கிவிட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்:

முகத்துக்குச் சொன்ன ரேடியஸை அப்படியே சட்டைக்கும் போட்டிருப்பீர்கள். தடம் தெரிவதற்குக் காரணம் அநேகமாக அதுதான். நெசவு மங்கியதற்குக் காரணம் வேறு: ஓரம் மென்மையான பிரஷ். இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃப்ரீக்வென்சி செபரேஷன் என்பது படத்தை இரண்டாகப் பிரிப்பது. ஒரு லேயரில் நிறமும் வெளிச்சமும் நிழலும். இன்னொரு லேயரில் நுணுக்கமான கோடும் சொரசொரப்பும். எங்கே வெட்டிப் பிரிக்கிறோம் என்பதை காஸியன் ப்ளரின் ரேடியஸ் முடிவு செய்கிறது. முகத்தில் தோல் துளைகளுக்கு ஒழுங்கான இடைவெளி கிடையாது. அதனால் அங்கே கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக 8, 10 என்று வைத்தாலும் ஓடிவிடும். துணி அப்படியில்லை. தறியில் பாவு நீளவாக்கில் போகிறது, ஊடை குறுக்கே போகிறது, இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை உங்கள் படத்திலேயே அளந்துவிடலாம். அளந்த பிறகு ரேடியஸ் தானாக வந்துவிடும்.

அளப்பது இப்படி. படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, சட்டையில் கசங்காத ஓர் இடத்தைப் பாருங்கள். ரூலர் டூலை எடுத்துப் பத்து இழைகளின் அகலத்தை அளந்து, பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் நான் செய்த ஒரு படத்தின் கணக்கைச் சொல்கிறேன், அதுவும் கிட்டத்தட்ட உங்களுடையதைப் போன்ற லினன் சட்டைதான். 24 மெகாபிக்சல் கேமரா, செங்குத்தாகப் பிடித்து இடுப்பு வரை எடுத்த படம். பத்து இழைக்கு 43 பிக்சல் வந்தது. அதாவது ஓர் இழைக்கு 4.3. சாதா நெசவில் ஊடை ஒரு பாவுக்கு மேலே போய் அடுத்ததற்குக் கீழே போகும், பிறகு மறுபடி மேலே வரும். ஆகவே மேலே கீழே என்கிற அந்தக் கோலம் இரண்டு இழைக்கு ஒருமுறைதான் திரும்ப வருகிறது. இங்கே 8.6 பிக்சல். அதில் பாதி 4.3. நான் 4.5 வைத்தேன்.

ஏன் பாதி? ரேடியஸ் கோலத்தின் அகலத்தில் பாதியாக இருந்தால், ப்ளர் செய்த லேயரில் நெசவு நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. முழுக்க நெசவு லேயருக்குப் போய்விடும். கால் பங்காக வைத்தால் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் நிற லேயரிலேயே தங்கிவிடும். அப்புறம் நிற லேயரில் நீங்கள் பூசவோ ப்ளர் செய்யவோ போகும்போது அந்த முப்பது சதவீதம் அழிந்து, அந்த இடம் மட்டும் சோர்ந்து தெரியும்.

அதற்காக ரேடியஸைத் தாராளமாக 15, 20 என்று ஏற்றிவிட்டால் எதிர்ப்பக்கத்துத் தொல்லை. கறையின் ஓரமும் மடிப்பின் நிழலும்கூட நெசவு லேயருக்கு ஏறிவிடும். நிற லேயரில் கறையைச் சுத்தமாக எடுத்த பிறகும் மேலேயிருக்கும் லேயர் அதன் உருவத்தைத் திரும்ப அச்சடித்துவிடும். உங்களுக்குத் தெரிந்த தடம் இதுதான். ஆகவே நெசவு முழுதாக விழுங்கப்படுகிற மிகச் சிறிய ரேடியஸ் எதுவோ, அதுதான் சரியான ரேடியஸ். ஜீன்ஸ் மாதிரி சாய்கோட்டு நெசவில் கோலம் பெரும்பாலும் நான்கு இழைக்கு ஒருமுறை திரும்பும் என்பதால், அங்கே இழையகலத்தைப் போல இரண்டு மடங்கு வேண்டும்.

இன்னொன்றை முதலிலேயே பார்த்துவிடுங்கள். கேமராவில் எடுத்த மூலக் கோப்புதான் கையில் இருக்கிறதா? 6000 பிக்சல் நீளமிருந்த அதே படம் வாட்ஸப்பில் வந்து 1600 பிக்சலாகச் சுருங்கியிருந்தால், 4.3 பிக்சலாக இருந்த இழை ஒரு பிக்சல் சொச்சமாகிவிடும். ஜேபெக் அழுத்தம் மீதியையும் துடைத்துவிடும். அதில் காப்பாற்ற நெசவே இருக்காது. என்ன டெக்னிக் போட்டாலும் வழவழப்புத்தான் வரும்.

சரி, பிரிப்பது. மூல லேயரை இரண்டு முறை நகலெடுங்கள். கீழே இருப்பதற்கு ‘நிறம்’, மேலே இருப்பதற்கு ‘நெசவு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். நெசவின் கண்ணை மூடிவிட்டு நிறம் லேயருக்கு நீங்கள் அளந்த ரேடியஸில் Gaussian Blur கொடுங்கள். இப்போது அந்த லேயரை மட்டும் 100 சதவீதத்தில் பாருங்கள். இழை ஒன்றுகூடத் தெரியக்கூடாது. கறையும் மடிப்பின் நிழலும் நன்றாகத் தெரியவேண்டும். இழையின் சாயல் எங்காவது மிச்சமிருந்தால் அரைப் பிக்சல், ஒரு பிக்சல் என்று கூட்டுங்கள். லினனில் இடையிடையே தடித்த இழை வரும். அது கொஞ்சம் தெரிந்தால் பரவாயில்லை, அதற்காக ரேடியஸை ஏற்றவேண்டாம்.

பிறகு நெசவு லேயரைத் திறந்து, அதைத் தேர்ந்தெடுத்த நிலையில் Image மெனுவில் Apply Image. படம் 8 பிட்டாக இருந்தால்:

```
Layer: நிறம்
Channel: RGB
Blending: Subtract
Scale: 2
Offset: 128
```

கேமராவின் ரா கோப்பிலிருந்து 16 பிட்டாகத் திறந்திருந்தால் கணக்கு மாறும்:

```
Layer: நிறம்
Channel: RGB
Invert: ✓
Blending: Add
Scale: 2
Offset: 0
```

லேயர் சாம்பல் நிறமாகி, இழைகள் மட்டும் புடைத்து நிற்கும். அதன் பிளெண்ட் மோடை Linear Light ஆக்குங்கள். படம் மூலத்தைப் போலவே தெரியவேண்டும். இரண்டு லேயரையும் ஒரு குரூப்பில் போட்டு அதன் கண்ணை மூடித் திறந்து பாருங்கள். துளிகூட அசையக்கூடாது. அசைந்தால் 8 பிட் கணக்கை 16 பிட்டுக்குப் போட்டிருக்கிறீர்கள், அல்லது Layer என்ற இடத்தில் வேறெதையோ தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கிம்ப் வைத்திருப்பவர்கள் மூல லேயருக்கு மேலே ப்ளர் செய்த நகலை Grain extract மோடில் வைத்து, New from Visible எடுத்து, அந்தப் புது லேயரை Grain merge ஆக்கி, ப்ளர் செய்த நகலை Normal மோடுக்குத் திருப்பிவிட்டால் அதே பிரிவு கிடைக்கும்.

இப்போது கறை. பலரும் நிறம் லேயரில் கறையை லாஸோவால் வளைத்து, ஃபெதர் கொடுத்து, காஸியன் ப்ளர் போடுகிறார்கள். மடிப்புக்கு அது வேலை செய்யும், கறைக்கு வேலை செய்யாது. மடிப்பு என்றால் ஒரு பக்கம் மேடு, வெளிச்சம். மறுபக்கம் பள்ளம், நிழல். இரண்டையும் கலந்தால் நடுவில் துணியின் இயல்பான நிறமே வந்துவிடும். கறை ஒரே பக்கத்துக்குத்தான் விலகியிருக்கிறது: மஞ்சளாகவும் கருப்பாகவும். அதைக் கலந்தால் மஞ்சள் போகாது, பரவும். சின்னக் கறை பெரிய, மங்கலான கறையாகும். துணியில் சாம்பார் பட்டதும் ஈரத்துணியால் தேய்த்தால் என்ன ஆகுமோ அதுவேதான்.

கறையை நீக்க சேனல்களைப் பாருங்கள். சாம்பார் கறையில் நமக்கு முதலில் படுவது மஞ்சள்தூளின் நிறம். மஞ்சளிலுள்ள குர்குமின் நீல ஒளியை விழுங்குகிறது, சிவப்பை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. சேனல் பேனலில் Blue மட்டும் பாருங்கள், கறை மை கொட்டியதுபோல் தெரியும். Red மட்டும் பாருங்கள், தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கறைக்கு அடியில் துணியின் இயல்பான மேடுபள்ளம் சிவப்பு சேனலில் சேதமில்லாமல் இருக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் நிறத்தைப் பூசி மறைத்தால் அந்த மேடுபள்ளத்தையும் சேர்த்து மறைத்துவிடுவீர்கள். நீலத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தால் அது அப்படியே நிற்கும்.

நான் செய்த சட்டையில் கலர் சாம்ப்ளர் டூலால் இரண்டு புள்ளி வைத்தேன், ஒன்று கறையின் நடுவில், ஒன்று அதற்கு இரண்டு விரல் தள்ளி, அதே வெளிச்சம் விழுகிற சுத்தமான இடத்தில். சுத்தமான துணியில் R 212, G 194, B 163. கறையில் R 206, G 171, B 104. சிவப்பில் வித்தியாசம் வெறும் 6, பச்சையில் 23, நீலத்தில் 59. பிறகு நிறம் லேயருக்கு மேலே, நெசவுக்குக் கீழே, ஒரு Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயர். Blue வளைவில் 104-ஐ 163-க்கும், Green-இல் 171-ஐ 194-க்கும், Red-இல் 206-ஐ 212-க்கும் தூக்கினேன். மாஸ்க்கை முழுக்கக் கருப்பாக்கி, கறையின் மேல் மட்டும் வெள்ளை பிரஷ், ஃப்ளோ 10 சதவீதம். கறை நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் இளசாகவும் இருக்கும். அதனால் நடுவில் நாலைந்து முறை தடவ வேண்டும், ஓரத்தில் ஒருமுறை போதும். அவசரப்பட்டு ஓரத்தை அதிகம் தடவினால் கறையைச் சுற்றி நீலம் பாய்ந்த வளையம் விழும். விழுந்தால் கருப்பு பிரஷ்ஷால் அந்த வளையத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

பருப்பு ஒட்டிக்கொண்ட இடமோ, கடுகு, மிளகாய்த் தோல் ஒட்டிய புள்ளியோ இருந்தால் அங்கே இது செல்லாது. அது துணியை முழுக்க மூடியிருக்கும், எந்தச் சேனலிலும் அடியில் துணியே தெரியாது. அப்படிப்பட்ட சின்ன இடங்களுக்கு மட்டும் நிறம் லேயரில் க்ளோன் ஸ்டாம்ப், மென்மையான ஓரம், Sample என்ற இடத்தில் Current Layer. நிறம் லேயரில் பிரஷ் மென்மையாக இருப்பதில் ஒரு கெடுதலும் இல்லை. அங்கேதான் இழை கிடையாதே.

இத்தனையும் செய்து நெசவு லேயரோடு சேர்த்துப் பார்த்தால் மஞ்சள் போயிருக்கும். ஆனாலும் கறை இருந்த இடம் இன்னும் கண்ணுக்குப் படும். இரண்டு காரணம். திரவம் காய்ந்தபோது ஓரத்தில் ஒதுங்கிப் படிந்த மெல்லிய கோடு, இரண்டு மூன்று பிக்சல் அகலம்தான் என்பதால் நெசவு லேயருக்குப் போய்விட்டது. அதோடு, எண்ணெயும் குழம்பும் இழைகளுக்கு நடுவிலுள்ள சந்துகளை நிரப்பிவிட்டதால் அங்கே இழையின் புடைப்பே குறைந்திருக்கிறது. நெசவு லேயரில் நேரடியாக வேலை செய்யவேண்டியது இங்கேதான். உங்கள் நெசவு மங்கியதும் அநேகமாக இங்கேதான்.

நெசவு லேயரில் க்ளோன் ஸ்டாம்ப் மட்டும் எடுங்கள், ஹீலிங் வேண்டாம். ஹீலிங் பிரஷ் இருக்கிற நோக்கமே சுற்றுப்புற நிறத்தோடு ஒட்டவைப்பது. இங்கே ஒட்டவைக்க நிறமே இல்லை, எல்லாம் ஒரே சாம்பல். அது ஒட்டவைக்கப் பார்த்து இழையைக் குழப்பும், பாக்கெட் தையல் பக்கத்தில் வந்தால் அந்தக் கோட்டையும் இழுத்துப் பூசும். க்ளோன் ஸ்டாம்ப்புக்கு Sample: Current Layer, ஒபாசிட்டி 100, ஹார்ட்னெஸ் 80-க்குக் குறையாமல். மென்மையான பிரஷ்ஷின் ஓரத்தில் பழைய இழையும் புது இழையும் பாதிப்பாதியாகக் கலக்கின்றன. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெறும் சாம்பல் மிஞ்சும். அதைத்தான் பிளாஸ்டிக் என்கிறோம். ஒபாசிட்டியை 50 வைத்துத் தடவினாலும் இதே கதைதான்.

கடினமான ஓரம் என்றால் ஒட்டுப்போட்டது தெரியாதா என்று தோன்றும். இழையோடு இழை சேர்த்து வைத்தால் தெரியாது. 300 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். ஊடை மேலே வந்து பளிச்சென்று தெரியும் ஒரு முடிச்சின் மேல் Alt அழுத்திக் க்ளிக் செய்யுங்கள். கறையில் அதேபோல ஊடை மேலே வந்திருக்கும் ஒரு முடிச்சின் மேல் பிரஷ்ஷை வையுங்கள். பிரஷ்ஷுக்குள்ளேயே தெரியும் முன்தோற்றம் இரண்டு பக்கமும் கோடு சேர்கிறதா என்று காட்டும். சேர்ந்த பிறகு அழுத்துங்கள். Aligned டிக் ஆகியிருந்தால் அந்த இடைவெளி மாறாமல் தொடரும், ஒருமுறை சேர்த்தால் போதும். மாதிரியை எங்கிருந்து எடுப்பது என்றால், அதே ஊடை இழையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து எடுங்கள். லினனில் ஓர் இழை தடித்திருந்தால் அது அந்த வரிசையிலேயே கொஞ்ச தூரம் ஓடும். மேலிருந்தோ கீழிருந்தோ எடுத்தால் தடித்த இழை திடீரென்று அறுந்து நிற்கும்.

தடித்த புடைப்பு ஒன்றை இரண்டு இடத்தில் ஒட்டிவிடாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு புடைப்பு பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும். சட்டை உடம்பைச் சுற்றி வளையும் இடங்களில் இழையின் சாய்வு மாறும். க்ளோன் சோர்ஸ் பேனலில் கோணத்துக்கான கட்டம் இருக்கிறது, அதில் 3, 4 டிகிரி திருப்பினால் சேர்ந்துவிடும்.

அடுத்து மடிப்புக் கோடு. முதலில் எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெட்டி மடிப்பு நேர்கோடு, நெஞ்சுக்குக் குறுக்கேயும் இரண்டு பக்கத்தில் நெடுக்கேயும் கட்டம் கட்டினாற்போல ஓடும். உடம்பால் வரும் சுருக்கம் அக்குள், முழங்கை, இழுத்துப் போட்ட பட்டன் என்று ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல விரியும். முதல் வகையை எடுங்கள், இரண்டாவதைத் தொடவேண்டாம். அதையும் எடுத்துவிட்டால் ஆளின் கை சட்டைக்குள் இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். அதிகம் கசங்கியிருந்தால் நிழலைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்.

நிறம் லேயரில் கோட்டை நீளமாக ஒரே லாஸோவில் வளைக்காதீர்கள். நெஞ்சின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் கோட்டின் அகலத்தைப் போல நான்கைந்து மடங்கு நீளத்துக்கு, மடிப்பின் மேடு பள்ளம் இரண்டையும் உள்ளடக்கி வளையுங்கள். ஃபெதர் 10 பிக்சல், காஸியன் ப்ளர் மடிப்பின் அகலத்தளவு. என் படத்தில் மடிப்பு 30 பிக்சல் இருந்தது, ப்ளரும் 30 வைத்தேன். மேட்டை மட்டும் வளைத்துப் பள்ளத்தை விட்டுவிட்டால் கலவை ஒரு பக்கம் சாய்ந்து வெளிறிய பட்டை மிஞ்சும். பட்டன் பட்டி, பாக்கெட் வாய், காலர் ஓரம் வரும்போது ஒரு விரல் முன்னாலேயே நின்றுவிடுங்கள். ப்ளர் அந்த ஓரத்து இருட்டை உள்ளே இழுத்துக்கொண்டு வரும். அந்த மிச்ச இடத்துக்குக் க்ளோன் ஸ்டாம்ப்பை 30 சதவீதத்தில் வைத்து மெதுவாகத் தடவுங்கள்.

நிழல் போனதும், மடிப்பின் முகட்டில் கத்தியால் கீறியதுபோல ஒரு வெளிச்சக் கோடு நிற்கும். இஸ்திரிப் பெட்டியோ பெட்டியின் அழுத்தமோ அங்கே இழையைச் சப்பையாக்கிப் பளபளப்பாக்கியிருக்கிறது. அது நெசவு லேயரின் வேலை, முன்போலவே க்ளோன். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மடிப்பின் சரிவில் துணி கேமராவுக்குச் சாய்ந்து நிற்பதால் இழைகள் நெருங்கித் தெரியும். சமமான இடத்தில் 4.3 பிக்சல் என்றால் சரிவில் 3-தான் இருக்கும். முகட்டுக் கோட்டை மட்டும் சமமான துணியால் மறைத்தால், நடுவில் அகன்ற இழை, இரண்டு பக்கமும் நெருங்கிய இழை என்று அங்கே தனிப் பட்டை தெரியும். ஆகவே சரிவு தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை முழு அகலத்தையும் மாற்றுங்கள். நேரம் பிடிக்கும். நெஞ்சுக் கோடு ஒன்றுக்கு எனக்கு அரை மணி நேரம் ஆனது.

நிழலைத் தூக்கிய இடத்தில் நெசவு மெலிந்து தெரிவதும் உண்டு. காரணம் கணக்கில் இருக்கிறது. இந்த முறையில் நெசவு என்பது நிறத்தோடு கூட்டப்படும் ஒரு வித்தியாசம். 200 வெளிச்சத்தில் இழை மேலும் கீழும் 12 அசைந்தால், அதே துணி 120 நிழலில் 7 மாதிரிதான் அசையும். நீங்கள் 120-ஐ 200 ஆக்கினாலும் மேலே கூட்டப்படுவது அதே 7. அதனால் பக்கத்துத் துணியை விட அங்கே இழை சன்னமாகத் தெரியும். நெசவு லேயரின் மேல் ஒரு Curves லேயரைக் க்ளிப் செய்து, நடுப்புள்ளியான 128-ஐ அசைக்காமல், அதைச் சுற்றி வளைவைச் செங்குத்தாக்கி, அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் திறங்கள். நடுப்புள்ளி நகர்ந்தால் நிறமே மாறும், அதை மட்டும் கவனியுங்கள். ஆழமான நிழலில் இப்படித் தூக்கினால் நெசவோடு நாய்ஸும் சேர்ந்து ஏறும். அங்கே பக்கத்துத் துணியிலிருந்து க்ளோன் செய்வதே சுத்தம்.

சரிபார்க்க எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் போட்டுக் கான்ட்ராஸ்ட்டை முரட்டுத்தனமாக ஏற்றுங்கள். ஒட்டுப்போட்ட இடம், நீல வளையம், வெளிறிய பட்டை எல்லாம் வெளியே வந்துவிடும். இதை 100 சதவீதத்தில் செய்யுங்கள். 33, 67 என்று சுருக்கிப் பார்த்தால் திரையின் பிக்சலும் துணியின் இழையும் மோதிப் பொய்யான அலைவரிகள் தோன்றும். நான் முதன்முதலில் அவற்றை என் தப்பு என்று நினைத்து ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியிருக்கிறேன். 100-லும் வண்ண அலைவரி தெரிந்தால் அது கேமராவிலேயே விழுந்த மொய்ரே. நிற லேயரில்தான் கிடக்கும், வெறும் லேயர் ஒன்றை Color மோடில் அதன்மேல் வைத்துத் துணியின் நிறத்தைத் தொட்டுப் பூசினால் வண்ணம் போய்விடும்.

கட்டம் போட்ட சட்டை, கோடு போட்ட சட்டை என்றால் வழி கொஞ்சம் மாறும். கட்டத்தின் கோடு இழையை விடப் பல மடங்கு அகலம், அதனால் அது நிற லேயரிலேயே தங்கும். அங்கே ப்ளர் போட்டால் கட்டமும் சேர்ந்து கரையும். கோடு போகும் திசையிலேயே, ஒரே நிறப் பட்டைக்குள் க்ளோன் செய்துதான் நிழலைச் சமப்படுத்த வேண்டும். மடிப்பு ஆழமாக இருந்து கட்டத்தின் கோடே உடைந்து விலகியிருந்தால் இந்தப் பிரிப்பு உதவாது. முதலில் அந்தப் பகுதியை வார்ப் செய்து கோட்டை நேராக்கிவிட்டு, பிறகு லேயர்களைப் பிரியுங்கள். பளீரென்று ஃப்ளாஷ் விழுந்து 255-ஐத் தொட்ட வெள்ளைச் சட்டையிலும் அப்படித்தான், அங்கே நெசவு பதிவாகவே இல்லை. வெளிச்சம் குறைந்த இன்னோர் இடத்திலிருந்து நெசவு லேயரில் கொண்டுவந்து வைக்கலாம். ஆனால் நிறம் 255-லேயே இருந்தால் அதன் மேடுகள் வெட்டுப்பட்டுப் பாதிதான் தெரியும். அதனால் நிறத்தை முதலில் 240 வாக்கில் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஷார்ப்பனிங் இதற்கெல்லாம் பிறகு. முன்னாலேயே செய்திருந்தால் ஒவ்வோர் இழைக்கும் பக்கத்தில் வெள்ளை விளிம்பு விழுந்திருக்கும். கறையின் ஓரக் கோடும் இரண்டு மடங்கு தடித்திருக்கும், அதைத் தனியாகத் துடைக்கவேண்டி வரும். உங்கள் படம் அப்படி இருந்தால் ராவுக்குத் திரும்பிப் போய் ஷார்ப்பனிங்கைப் பூஜ்யமாக்கி மறுபடி 16 பிட்டில் எடுங்கள். ஆல்பம் அளவுக்குச் சுருக்கிய பிறகு, அந்த அளவுக்கேற்பக் கடைசியாக ஷார்ப்பன் செய்துகொள்ளலாம்.